மண்டியிட வேண்டிய இடம்

ஒரு விங் கமாண்டரை நான் மணலில் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தியிருக்கிறேன். அதற்காக இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் கேட்பதாகவும் இல்லை.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் இந்தக் கதை கைகால் முளைத்து உலவுகிறது. நான் அதிகாரியை அறைந்துவிட்டேன் என்று ஒருவர் சொல்கிறார். என்னை வேலையை விட்டே துரத்திவிட்டார்கள் என்று இன்னொருவர். மாதம் தவறாமல் பென்ஷன் வாங்குகிறவனைப் பார்த்து இப்படிச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ. அதனால் நானே எழுதிவிடுகிறேன். எந்த எல்லை, எந்த வருஷம், எந்தப் படைத்தளம் என்பதெல்லாம் இதில் வராது. அவை என் சொத்து இல்லை.

விமானப்படையில் கமாண்டோவாக, சார்ஜென்ட் பதவியில் இருந்தேன். கடைசிப் பத்து வருஷம் ஒரே வேலை. எதிரியின் பக்கம் நம் விமானம் விழுந்து, விமானி பாராசூட்டில் குதித்து உயிரோடு தரையில் கிடந்தால், ஹெலிகாப்டரில் போய் அவரை எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு ஹெலிகாப்டர் இறங்கும், இன்னொன்று துணைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும், மேலே போர் விமானங்கள் காவலுக்குச் சுற்றும். கதவைத் திறந்ததும் முதலில் குதித்து விமானியிடம் ஓடுகிறவன் நான். தரையில் எங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம். அதற்கு மேல் நின்றால் ஒருவரை மீட்கப் போய்ப் பத்துப் பேரைப் பறிகொடுக்க வேண்டியிருக்கும்.

கேட்பவர்கள் எல்லோரும் நினைப்பது, விமானி கையை ஆட்டுவார், நாங்கள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துத் தூக்கி வருவோம் என்று. அப்படிச் செய்தால் செத்தோம். ரேடியோவில் பேசுகிறவர் நம் ஆள்தானா? நம் ஆள் என்றால், பக்கத்தில் யாராவது அவர் தலையில் துப்பாக்கி வைத்துப் பேசச் சொல்கிறார்களா? ரேடியோவில் பேசியவரும் தரையில் நிற்பவரும் ஒருவர்தானா? இதெல்லாம் தெரியும்வரை எங்களுக்கு அவர் எதிரி.

அதற்காகத்தான் ஒவ்வொரு விமானியும் பறக்கப் போகும் முன்பே ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பார். அதில் புகைப்படம், கைரேகை, நான்கு இலக்க எண் ஒன்று, அவருக்கு மட்டும் தெரிந்த சில விஷயங்கள். ரேடியோவில் அந்த எண்ணை முழுசாகக் கேட்க மாட்டோம். ஒட்டுக் கேட்கிறவனுக்கும் காது உண்டே. இரண்டாவது இலக்கத்தையும் நான்காவதையும் கூட்டிச் சொல் என்போம். அவர் எழுதிய விஷயத்திலிருந்து ஒரு கேள்வி கேட்போம். ஒருமுறை கேட்டது பழசு, மறுபடி அதைத் தொடுவதில்லை.

அதன் பிறகும் விமானிக்கு விதிகள் உண்டு. நாங்கள் சொன்னால்தான் புகைக் குப்பியைக் கொளுத்த வேண்டும். ஹெலிகாப்டர் இறங்கும்போது அதை நோக்கி ஓடி வரக் கூடாது. துப்பாக்கியைத் தூர வைத்துவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, விரல்கள் தெரிய அசையாமல் இருக்க வேண்டும். நாங்கள்தான் அவரிடம் போவோம், சோதிப்போம், பிறகுதான் தூக்குவோம். குழுவில் சேரும்போது நாங்களும் விழுந்த விமானியாக நடித்துப் பழக வேண்டும். நானே எத்தனையோ முறை மண்டியிட்டு, என்னைவிடச் சின்னவன் ஒருவனிடம் சோதனை கொடுத்திருக்கிறேன்.

அந்த விங் கமாண்டர் ஒரு போர் விமானப் பிரிவின் தலைவர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. பாலைவனத்தில் நடந்த ஒரு பயிற்சிக்கு, விழுந்த விமானியாக நடிக்க இளையவர் யாரையும் அனுப்பாமல் தானே வந்தார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. காலையிலிருந்து வெயிலில் ஒரு புதர் மறைவில் கிடந்தார். ரேடியோவில் கேள்வி கேட்டபோது பதில் சரியாகத்தான் சொன்னார். ஆனால் குரலில் சலிப்பு. என்னையே கேட்கிறீர்களா என்கிற சலிப்பு.

பிற்பகலில் இறங்கினோம். மணல் கிளம்பிக் கண்ணை மறைத்தது. குதித்து நான்கு அடி வைத்திருப்பேன், புழுதிக்குள்ளிருந்து ஓர் ஆள் ஓடி வருகிறார். கையில் துப்பாக்கி. அதுவும் வாலில் சுழலும் விசிறி இருக்கிறதே, அந்தப் பக்கமாக. இன்னும் கொஞ்சம் வந்தால் அந்த விசிறியே அவரை முடித்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். புழுதியில் யாரென்று தெரியவில்லை என்று நான் சொல்லித் தப்பித்திருக்கலாம். தெரிந்தது. நெருங்கியபோது முகம் நன்றாகவே தெரிந்தது. தெரிந்துதான் தள்ளினேன். துப்பாக்கியைப் பிடுங்கினேன், முழங்காலை வைத்தேன், கைகளைப் பின்னால் கட்டினேன், பைகளைச் சோதித்தேன், கேள்வியைக் கேட்டேன். அவர் வாயில் மணல். பதில் சொல்லும்வரை விடவில்லை.

திரும்பி வந்து இறங்கியதும் எல்லோர் முன்னாலும் அவர் கேட்டார், "என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும், சார்," என்றேன்.

அதுதான் வினையாயிற்று. தெரியாது என்றிருந்தால் அன்றோடு போயிருக்கும். தெரிந்தும் தள்ளினான், வேண்டுமென்றே அவமானப்படுத்தினான் என்று புகார் எழுதினார். என் ஊர், குடும்பம், சாதி எல்லாம் கோப்பில் இருக்கிறதே. இவன் ரசித்துச் செய்தான் என்று யாரோ சாப்பாட்டுக் கூடத்தில் சொன்னதும் என் காதுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் இதோடு முடியும், இல்லையென்றால் மீட்புக் குழுவில் எனக்கு இடமில்லை என்றார்கள். லீவு கொடுத்து, யோசித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. விடியற்காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தபோது, தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாகத் தொடங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ரசித்தேனா என்கிற கேள்விதான் குடைந்துகொண்டே வந்தது.

அப்பா சிறுவயதில் ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரை நிலங்களில் கூலிக்கு அறுத்தவர். நிலத்துக்காரர் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் குந்துவார். பிற்காலத்தில் லாரி ஓட்டிச் சம்பாதித்து, சொந்தமாக வீடு கட்டி, நாற்காலி வாங்கிப் போட்டார். ஆனாலும் யாராவது சத்தமாகப் பேசினால் அவர் கை தன்னால் தோளுக்குப் போகும், துண்டு இல்லாவிட்டால்கூட. சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னார், "பெரிய ஆபீசருபா அவுரு. ஒரு வார்த்த எய்திக் குடுத்துட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது? நான் எத்தினி வாட்டி கும்புட்டிருப்பேன். கும்புட்டுக்கினு தானே உன்ன படிக்க வெச்சேன்?"

"நீ கும்புட்டது போதும்பா. எனக்கும் சேத்துக் கும்புட்டுட்ட," என்றேன். சொன்ன பிறகு வருத்தமாக இருந்தது. அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

என் மனைவி ஒரு பட்டுக் கடையில் கொள்முதல் பகுதியில் வேலை பார்த்தாள். நெசவாளர்களும் ஏஜெண்டுகளும் கொண்டுவரும் சேலைகளைப் பார்த்து எடுக்கிற வேலை. அன்று மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு சேலையைப் பிரித்து, ஓரத்துச் சரிகையில் ஓர் இழையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேலே பூசிய தங்கமும் வெள்ளியும் விலகினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். வேறு நிறம் தெரிந்தால் சரிகை போலி.

சாப்பிடும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் ரசித்தேனோ என்கிற சந்தேகத்தையும் சேர்த்து. அப்பாவின் துண்டு அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்றேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "போன வருசம் மொதலாளியோட மாப்ள ஒரு கட்டு சேல கொணாந்தாரு. எல்லாரும் அப்டியே எடுத்து உள்ள வைன்றாங்க. நான் சொரண்டனேன். உள்ள வெள்ள நூலு. மொதலாளி மூஞ்சியில ஈயாடல."

"உனக்குப் பயமா இல்லியா?"

"இருந்துது. கொஞ்சம் சந்தோசமாவும் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். அந்தாளு என்ன ஒரு ஆளாவே மதிச்சது இல்ல. ஆனா நான் சந்தோசத்துக்காகவா சொரண்டனேன்? யாரு கொணாந்தாலும் சொரண்டறேன். எங்கண்ணன் கொணாந்தா கூட சொரண்டறேன். நீங்க எல்லாரையும் தள்ளுவீங்களா, அவர மட்டும் தள்ளனீங்களா?"

"துப்பாக்கியோட ஓடியாந்தா யாரா இருந்தாலும் தள்ளுவேன்."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்கீங்க? சாப்டுங்க, சாம்பார் ஆறிப் போவுது."

அவள் அவ்வளவுதான் சொன்னாள். அன்று பஸ் நிலையத்தைத் தாண்டி, காமாட்சியம்மன் கோயில் வரை வெயிலில் சும்மா நடந்தேன். மனசு லேசாகிவிட்டது. ரசித்தேனா? ஆமாம், ஒரு துளி. ஆனால் ரசிக்காமல் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். எங்கள் அப்பா குந்தியது பிறப்பைப் பார்த்து. அந்த மணலில் மண்டியிடச் சொல்வது பிறப்பையும் பார்ப்பதில்லை, பதவியையும் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவனிடம் நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? நான் எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை கதவில் நிற்கும் பையன் பெரிய முகத்தைப் பார்த்ததும் ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடியில் ஹெலிகாப்டரையே பறிகொடுப்போம்.

திரும்பிப் போய் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். விமானி ஆயுதத்தோடு ஹெலிகாப்டரின் வால் பக்கமாக ஓடி வந்தார். அவரைக் கீழே தள்ளினேன். முகம் தெரிந்தது. மறுபடி நடந்தாலும் தள்ளுவேன். கையெழுத்து.

சொன்னபடியே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, விமானிகளின் படிவங்களை வாங்கிச் சரிபார்க்கும் அறையில் போட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் குழு பயிற்சிக்குக் கிளம்புவது தெரியும். ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் கால் துடிக்கும். அழுதிருக்கிறேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் கடிதம் எழுதவில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை விமானிகள் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒருநாள் அவரே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. நிரப்பிய தாளை மேஜையில் வைத்தார். படித்தேன். முதலில் படித்த பள்ளிக்கூடம். மனைவியின் சொந்த ஊர். நாயின் பெயர்.

"இது செல்லாது, சார்," என்றேன்.

"என்ன?"

"இந்த மூன்றையும் யாரும் ஃபோனில் தேடி எடுத்துவிடலாம். நீங்கள் இணையத்தில் போட்ட நாயின் படத்துக்குக் கீழேயே அதன் பெயர் இருக்கிறது. வேறு எழுதுங்கள். எங்கேயும் பதிவாகாதது, ஆனால் வலியிலும் பயத்திலும்கூட உங்களுக்கு மறக்காதது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒரு புகார் வரப்போகிறது, அடுத்து சமையல்கூடம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தாளைக் கிழித்தார். புதுத் தாள் கேட்டார். உட்கார்ந்து வெகுநேரம் யோசித்து எழுதி, மடித்து உறையிலிட்டு ஒட்டி, என்னிடம் கொடுக்காமல் உள்ளே உளவுப் பிரிவு அதிகாரியிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கு அடுத்த மாதம் என்னை மீண்டும் குழுவுக்கே அனுப்பினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு அது நிஜமாகவே நடந்தது. ஒரு சாயங்காலம் எல்லைக்கு அப்பால் நம் விமானம் ஒன்று விழுந்தது. விமானி குதித்துவிட்டார் என்று உடன் பறந்தவர் சொன்னார். குதித்தது யார் என்று கேட்டேன். அவர்தான்.

அன்று இரவு முழுவதும் அவர் செய்தது ஒவ்வொன்றும் புத்தகத்தில் உள்ளபடி. பாராசூட்டைப் புதைத்தார். விழுந்த இடத்திலிருந்து விலகி, வறண்ட ஓடை ஒன்றின் வழியாக நகர்ந்து, பாறை இடுக்கில் பதுங்கினார். குறித்த நேரத்தில் மட்டும் ரேடியோவைத் திறந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு மூடினார். எண்ணைக் கூட்டிச் சொல்லச் சொன்னபோது சலிப்பில்லாமல் சொன்னார். நடு முதுகில் வலி, ஒரு கால் மரத்துப்போகிறது என்றார். விமானத்தின் இருக்கை வெடித்து ஆளை மேலே எறியும்போது முதுகெலும்பு நசுங்குவது உண்டு. மண்டியிட முடியாவிட்டால் படுத்துக்கொண்டு கைகளை விரித்துக் காட்டினால் போதும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

கிளம்புவதற்கு முன் தரையில் நேரில் கேட்பதற்கான கேள்வியை ஒரு சிறு அட்டையில் எழுதி என்னிடம் கொடுத்தார்கள், பதிலோடு. அவர் உறையில் ஒட்டிக் கொடுத்த படிவத்திலிருந்து எடுத்தது. படித்தேன். இன்னொரு முறை படித்தேன். கொடுத்த அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடிந்தும் விடியாத வேளையில் மலை இடுக்குகளில் தாழப் பறந்து போனோம். சொன்னதும் ஆரஞ்சுப் புகை எழுந்தது. ஓடையின் வளைவுக்கு அப்பால் வண்டிகள் கிளப்பும் புழுதியும் தெரிந்தது. காவல் விமானங்கள் அதைக் கவனிக்கக் கிளம்பின. சக்கரம் தரையைத் தொட்டதும் குதித்தேன்.

புழுதி கொஞ்சம் அடங்கியபோது அவரைப் பார்த்தேன். படுத்திருக்கவில்லை. மண்டியிட்டிருந்தார். இரண்டு கைகளும் விரிந்து, பத்து விரல்களும் தெரிந்தன. துப்பாக்கி தோட்டாக்கள் கழற்றப்பட்டு எட்டாத தூரத்தில் ஒரு கல்மேல் இருந்தது. வலியில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் ஓர் அங்குலம் நகரவில்லை. தலை குனிந்திருந்தது.

இந்த முறையும் முகம் தெரிந்தது. ஒரே வீச்சில் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று உடம்பு துடித்தது. வண்டிகள் நெருங்கும் சத்தம் வேறு. ஆனாலும் துப்பாக்கியை அவர்மேல் நீட்டிக்கொண்டு கேட்டேன்.

"அந்தச் சார்ஜென்ட் என்ன எழுதித் தரவில்லை?"

"மன்னிப்புக் கடிதம்," என்றார்.

அதன் பிறகும் சோதித்தேன். கை, இடுப்பு, காலணி, எல்லாம். காலில் கட்டியிருந்த கத்தியை எடுத்துக்கொண்டேன். பிறகுதான் கழுத்துக்குப் பட்டை போட்டு, ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, இரண்டு பேராகத் தூக்கினோம். கதவை மூடியதும் ஹெலிகாப்டர் கிளம்பியது.

இரண்டு வாரம் கழித்து ராணுவ மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன, அந்த நிலையில் மண்டியிட்டது எப்படி என்று டாக்டர்களுக்கே புரியவில்லையாம். கட்டிலில் அசைய முடியாமல் கிடந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இந்த முறை முதுகில் முழங்காலை வைக்கவில்லையே, அதற்கு நன்றி," என்றார்.

"ஓடி வந்திருந்தால் வைத்திருப்பேன், சார்."

சிரிக்கப் போய் வலியில் முகத்தைச் சுளித்தார். பிறகு, "என் முகம் தெரிந்ததா அங்கே?" என்று கேட்டார்.

"தெரிந்தது, சார்."

"அப்படியும் கேட்டாய்."

"கேட்டேன், சார்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. என் கண்களும்தான். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தக் கடிதம்?" என்றார்.

"இன்னும் எழுதவில்லை, சார்."

"எழுதாதே," என்றார்.